வயலை ஈடு வைக்கவேண்டாம்: சுகாதாரப் பரிசோதகராக விரும்பும் மகனின் தந்தைக்கு

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதியிருக்கும் ஐயா, உயர்தரத்தில் சித்தியடைந்தும் மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதாத மகனை, வயலை ஈடு வைத்தாவது வெளிநாட்டில் வைத்தியம் படிப்பிக்கும்படி மைத்துனர்மார் நெருக்குவதாகச் சொல்கிறீர்கள். ஈடு வைக்கவேண்டாம். படித்துத் திரும்பியவர் இங்கு பதிவு பெற இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதுவரை ஏறும் வட்டியை மைத்துனர்மார் கட்டப்போவதில்லை.

பிரதேச சபையின் டெங்குச் சிரமதானத்தில் அவன் தகரம் பொறுக்கித் திரிவதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மாரிகாலத்தில் டெங்குவுடன் ஒரு மாணவன் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டால், அந்த அறிவித்தல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு வரும். பரிசோதகர் வீடு தேடிப் போவார். வளவு சுத்தமாக இருக்கும். கடித்து நான்கு முதல் ஏழு நாட்களில்தான் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்குவதால், "காய்ச்சலுக்கு முந்திய இரண்டு கிழமையும் பகலில் எங்கே இருந்தாய்?" என்று அவர் கேட்பார். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. மாணவன் ரியூசன் வகுப்பைச் சொன்னால் அங்கே போய், கூரைப் பீலியில் அடைபட்ட சருகுக்கடியில் டோர்ச் அடித்துக் குடம்பியைக் கண்டுபிடிப்பார். அயல் வீடுகளில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்பதையும் கேட்டுப் பதிவார்; நோயாளியைக் கடித்த நுளம்பு 8 முதல் 12 நாட்களில் நோயைப் பரப்பத் தொடங்கும் என்பதால், அதற்குள் அந்தச் சுற்றாடலைத் துப்புரவாக்கவேண்டும்.

ஆனால் டிராக்டரும் தொழிலாளரும் சபையிடம்தான் இருக்கின்றன. பணிமனையும் சபையும் முன்கூட்டியே பேசி நாள் குறிக்காவிட்டால், சனம் வீதியோரத்தில் குவித்த ரயரும் சிரட்டையும் ஏற்றப்படாமல் கிடந்து, அடுத்த மழையில் தாமே நுளம்புப் பண்ணையாகிவிடும். சிரமதானம் கெட்டுப்போவது அநேகமாக இந்த இடத்தில்தான். புகை அடிப்பது பறக்கும் நுளம்பைக் கொல்லுமேயன்றிக் குடம்பியைத் தொடாது. ஆகவே புகை வண்டி வந்துபோனதைக் கண்டு ஆறுதலடையும் சபைத் தவிசாளரிடம் மறுத்துப் பேசவும் பரிசோதகருக்குத் துணிவு வேண்டும். முட்டை ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் நுளம்பாவதால், ஒரு கிழமை கழித்து அதே வீடுகளை மறுபடி பார்த்து, நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரங்களில் குடம்பி உண்டென்று கணக்கெடுத்தால்தான் சிரமதானம் பலித்ததா என்று தெரியும். திருத்தாத வளவுக்காரர்மீது 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் தொடரலாம். ஊரவரோடு பகையும் வரும். அதை மகனிடம் மறைக்காதீர்கள்.

பயிற்சிக்கான ஆட்சேர்ப்பு வர்த்தமானியில் வரும். ஒவ்வோர் ஆண்டும் வருமென்று எண்ணியிருக்கவேண்டாம். தகைமையையும் வயதெல்லையையும் அந்த அறிவித்தலிலேயே பாருங்கள், உறவினர் சொல்வதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். இடைக்காலத்தில் அவன் உங்கள் பகுதிப் பரிசோதகருடன் ஒரு மாரிகாலம் களத்துக்குப் போகட்டும். அதன்பிறகும் வேண்டுமென்றால் விண்ணப்பிக்கட்டும். வேண்டாமென்றால் அதையும் அவனே சொல்லட்டும்.