ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால் லூபஸா?

கேள்வி: எனக்கு வயது 34. முழு உடல் பரிசோதனையில், ரத்தத்தில் ஒருவகை எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. டெஸ்ட் பாசிட்டிவ், 1:80 என்று வந்திருக்கிறது. உடலின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்களில் 98 சதவீதம் பேருக்கு இது பாசிட்டிவாக இருக்கும் என்று படித்தேன். அப்படியானால் எனக்கு லூபஸ் இருக்க 98 சதவீதம் வாய்ப்பா? உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை.

பதில்: இல்லை, ஒரு சதவீதம்கூட இல்லை. நீங்கள் படித்த எண் சரிதான். ஆனால், லூபஸ் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு பாசிட்டிவ் வரும் என்பதைத்தான் அது சொல்கிறது. உங்களுக்குத் தெரிய வேண்டியது, பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு லூபஸ் இருக்கும் என்பது.

சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களாக எண்ணிப் பார்ப்போம். உங்களைப் போல அறிகுறி எதுவும் இல்லாத 10,000 பெண்கள் இந்த டெஸ்ட்டை எடுக்கிறார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு லூபஸ் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், 10 பேர். அந்தப் பத்துப் பேருக்குமே பாசிட்டிவ் வரட்டும். மீதி 9,990 பேருக்கு லூபஸ் இல்லை. ஆனால் ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் 100க்குச் சுமார் 13 பேருக்கு 1:80 அளவில் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் வரும். அதாவது கிட்டத்தட்ட 1,300 பேர். ஆக, பாசிட்டிவ் ரிப்போர்ட்டுடன் நிற்பவர்கள் 1,310 பேர். அவர்களில் லூபஸ் உள்ளவர்கள் 10 பேர்தான். 131 பேரில் ஒருவர்.

இதே ரிப்போர்ட் வேறொருவர் கையில் வேறு பொருள் தரும். மூட்டு வீக்கம், வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு, சிறுநீரில் புரதம் என்று வரும் 100 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட்டுக்கு முன்பே அவர்களில் 30 பேருக்கு லூபஸ் இருக்கலாம் என்று மருத்துவர் கணிக்கிறார் என்போம். அந்த 30 பேருக்கும் பாசிட்டிவ் வரும். மற்ற 70 பேரில் அதே 13 சதவீதக் கணக்கில் 9 பேருக்கு வரும். இப்போது பாசிட்டிவ் வந்த 39 பேரில் 30 பேருக்கு லூபஸ். டெஸ்ட் மாறவில்லை, தொடக்க எண்தான் மாறியது. அதனால்தான் அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த டெஸ்ட்டைப் பரிசோதனைத் தொகுப்பில் சேர்ப்பதை நான் ஏற்பதில்லை.

சரி, சந்தேகம் தீர இன்னொரு முறை ஏ.என்.ஏ. எடுக்கலாமா? வேண்டாம். இது பெரும்பாலும் ஆய்வகத் தவறு அல்ல. அந்த எதிர்ப்புப் பொருள் உங்கள் ரத்தத்தில் உண்மையாகவே இருக்கிறது, நோய்தான் இல்லை. மறுபடி எடுத்தாலும் பாசிட்டிவ் வரவே வாய்ப்பு அதிகம். இரண்டு முறை வந்துவிட்டதே என்று பயம்தான் கூடும்.

ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் சிறுநீரில் புரதமும் பார்த்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அவை சரியாக இருந்தால் இப்போதைக்கு வேறெதுவும் தேவையில்லை. மூட்டு வீக்கம், வாய்ப்புண், முகத்தில் தடிப்பு, காரணம் தெரியாத காய்ச்சல் போன்றவை வந்து நீடித்தால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள், டி.எஸ். டி.என்.ஏ. போன்ற, லூபஸை இன்னும் குறிப்பாகக் காட்டும் டெஸ்ட்டுகளை அப்போது அவர் எழுதித் தருவார்.