பெட்டியோடு வந்த கூலர் போதுமா?

கேள்வி: ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போட்டு ஒரு கணினி சேர்த்திருக்கிறேன். பெட்டியில் வந்த கூலரையே மாட்டியிருக்கிறேன். அறையில் ஏசி கிடையாது. விளையாடும்போது பிராசஸர் 78 டிகிரி வரை போகிறது. இந்தக் கூலரோடு 4.4 கிகாஹெர்ட்ஸ் பூஸ்ட் கிடைக்கவே கிடைக்காது, வேறு கூலர் வாங்கு என்கிறான் நண்பன். வாங்கத்தான் வேண்டுமா? – வாசகர், திருச்சி

விளையாட்டுக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

உங்கள் பிராசஸர் எந்த வேகத்தில் ஓடலாம் என்பதை ஒவ்வொரு கணமும் தானே முடிவு செய்கிறது. அதற்கு முக்கியமாக மூன்று வரம்புகளைப் பார்க்கிறது. வெப்பம் 90 டிகிரியைத் தாண்டக் கூடாது. சாக்கெட் வழியாக எடுக்கும் மின்சாரம் 76 வாட்டைத் தாண்டக் கூடாது. வேகம், ஏஎம்டி நிர்ணயித்த உச்சத்தைத் தாண்டக் கூடாது. இவற்றில் எது முதலில் முட்டுகிறதோ அதுவே கடிவாளம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 65 வாட்டை இந்தக் கணக்கில் மறந்துவிடலாம்.

விளையாட்டு ஆறு கோர்களையும் முழுமூச்சில் வேலை வாங்குவதில்லை. பெரும்பாலான விளையாட்டுகளில் இந்தப் பிராசஸர் 50 வாட்டை ஒட்டித்தான் எடுக்கும். 76 வாட்டுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. 78 டிகிரியும் 90க்குக் கீழேதான். ஆகவே முதலில் முட்டுவது வேகத்தின் உச்சம், அதாவது 4.4 கிகாஹெர்ட்ஸ். எவ்வளவு விலை கொடுத்துக் கூலர் வாங்கினாலும் அந்த உச்சம் உயராது. குளிர்ச்சி கூடினால் அதே வேலைக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் போதும் என்பதால் சில பத்து மெகாஹெர்ட்ஸ் இங்குமங்கும் மாறலாம். திரையில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. 1080பி-யில் விளையாடுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் ஆர்டிஎக்ஸ் 3060 தான் திணறிக்கொண்டிருக்கும். பிராசஸர் அதற்காகக் காத்திருக்கும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் HWiNFO64 என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதில் சென்சார் பட்டியலை மட்டும் திறந்துவைத்துவிட்டு அரைமணி நேரம் விளையாடுங்கள். பிறகு மூன்று வரிகளைப் பாருங்கள். `CPU (Tctl/Tdie)` என்பதன் அதிகபட்சம் 90ஐத் தொட்டதா? 76 வாட் வரம்பைக் காட்டும் `CPU PPT Limit` நூறு சதவீதத்தை எட்டியதா? `Thermal Throttling (HTC)` என்ற வரியில் `Yes` வந்ததா? மூன்றுக்கும் இல்லை என்றால் கூலர் உங்கள் வேகத்தைச் சொல்லும்படியாகப் பிடித்துவைக்கவில்லை என்று நண்பரிடம் சொல்லலாம்.

ஆனால் நண்பர் முழுக்கத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. உங்கள் பெட்டியில் வந்த வ்ரெய்த் ஸ்டெல்த், செம்புக் குழாய் எதுவும் இல்லாத, குட்டையான அலுமினியக் கட்டி. மேலே ஒரு சிறு விசிறி. அது எங்கே கைவிடும் என்பதை உங்கள் எண்களை வைத்தே பார்க்கலாம். மே மாதத் திருச்சியில் அறை வெப்பம் 33 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பிராசஸர் 78 என்றால் அறையைவிட 45 டிகிரி கூடுதல். அப்போது எடுத்தது 55 வாட் என்றால், வாட்டுக்கு ஏறத்தாழ 0.8 டிகிரி. அறை 38 டிகிரிக்கே ஏறினாலும் விளையாட்டில் 83 டிகிரிதான், பயமில்லை. இப்போது அதே கணினியில் வீடியோ எடிட் செய்து ஏற்றுமதி செய்கிறீர்கள், பிராசஸரே எல்லா வேலையையும் செய்கிறது என்று கொள்ளுங்கள். முழு 76 வாட்டையும் எடுக்கும். அறையைவிட 62 டிகிரி கூடுதல். 33ஐச் சேர்த்தால் 95. விசிறி வேகமெடுத்துச் சில டிகிரி குறைத்தாலும் 90ஐ உரசிக்கொண்டே ஓடும், வேகமும் கொஞ்சம் இறங்கும். இந்த மாதிரி வேலை தினமும் உண்டு என்றால் நல்ல கூலர் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் காசு செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே விளையாட்டில் ஒரே இடத்தில் இருபது நிமிடம் ஓட்டி வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் குற்றவாளி கூலர் அல்ல, கேபினெட். உங்கள் கிராபிக்ஸ் கார்டு 170 வாட் வரை எடுக்கக்கூடியது. பிராசஸரைப்போல மூன்று மடங்கு வெப்பத்தைக் கேபினெட்டுக்குள் கொட்டுகிறது. அந்தச் சூடான காற்றைத்தான் கூலர் உறிஞ்சுகிறது. முன்புறம் முழுக்கக் கண்ணாடி போட்டு அடைத்த, பார்க்க அழகான கேபினெட்டுகளில் இது சகஜம். முன்னால் காற்றை உள்ளிழுக்கும் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். முதலில் அதைப் போடுங்கள். கண்ணாடியைக் கழற்றியும் இரண்டு டிகிரிதான் இறங்கியது என்றால் கேபினெட் நிரபராதி.

கூலர் மாற்ற நியாயமான இன்னொரு காரணம் உண்டு: சத்தம். இந்தப் பிராசஸரின் கோர்கள் எல்லாம் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் சில்லுக்குள் அடங்கியிருக்கின்றன. ஒரு புரோகிராமைத் திறந்தாலே வெப்பம் சட்டென்று பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கும். சின்ன விசிறியும் கூடவே அலறி அடங்கும். பயாஸில் விசிறி வேகத்தை 70 டிகிரி வரை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்து, வேகம் கூடுவதற்குச் சில விநாடி தாமதமும் கொடுத்தால் பெருமளவு அடங்கிவிடும். அதற்குப் பிறகும் காதை உறுத்தினால், நான்கு செம்புக் குழாயும் 120 மில்லிமீட்டர் விசிறியும் உள்ள கோபுர வகைக் கூலர் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும். அதற்கு மேல் இந்தப் பிராசஸருக்குச் செலவழிப்பது வீண். தண்ணீர்க் கூலரெல்லாம் தேவையே இல்லை. கூலரின் உயரம் பெரும்பாலும் 150 மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும். உங்கள் கேபினெட் எவ்வளவு உயரம் தாங்கும் என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் எல்லாப் பிராசஸருக்கும் பொருத்திவிடாதீர்கள். கோர் ஐ5 12400எஃப் உச்சத்தில் 117 வாட் வரை போகும். அதோடு வரும் கூலர் விளையாட்டுக்குச் சரி, நீண்ட நேர முழுச்சுமைக்குப் போதாது. ரைசன் 7 5800எக்ஸ் போன்றவற்றுக்குப் பெட்டியில் கூலரே வைப்பதில்லை.

மாற்றுவது என்று முடிவு செய்தால் கழற்றுவதில்தான் கவனம் வேண்டும். பத்து நிமிடம் விளையாடி, கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே தடவிய பேஸ்டைச் சூடாக்கிவிட்டு, கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்குங்கள். திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றியபின், கூலரை நேராக மேலே இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகி விடுவியுங்கள். இழுத்தால் பிராசஸர் பேஸ்டில் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்தே பிய்ந்து வரும், அடியில் இருக்கும் பின்கள் வளையும். திருகுகள் கழன்றதும் மதர்போர்டின் பின்பக்கத் தகடும் விழுந்துவிடும் என்பதால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கூலரை மாட்டியபோது மதர்போர்டிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றியிருப்பீர்களே, அவை இன்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கொக்கி போட்டு மாட்டும் கூலர்களுக்கு அவை வேண்டும். தொலைத்துவிட்டீர்கள் என்றால், நேராகப் பின்தகட்டில் திருகும் கூலராகக் கேட்டு வாங்குங்கள்.