"அநேகமாக வெள்ளிக்கிழமை": தேதி சொல்லும் சொற்கள் பற்றிய கேள்வி பதில்

பதினெட்டு வருடமாக மென்பொருள் வேலைகளுக்குத் தேதி சொல்வதும், அந்தத் தேதி தவறியபின் காரணம் சொல்வதும்தான் என் பிழைப்பு. அந்த அளவில் கேளுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும் முதலிலேயே வைத்துவிடுகிறேன்: "முடிஞ்ச மாதிரிதான்" என்ற சொற்றொடரை யாரும் எங்கும் எழுத வேண்டாம்.

புதுசு: "வெள்ளிக்குள் முடிய வேண்டும்" என்று எழுதினேன். மேலாளர் அதைக் கெடு என்று எடுத்துக்கொண்டார். நான் சொன்னது என் மதிப்பீடு. யார் மேல் தப்பு?

அந்தச் சொல்லின் மேல். "சாவி மேசையில்தான் இருக்க வேண்டும்" என்பது தேடிக்கொண்டிருப்பவர் வாயில் ஊகம், வீட்டுப் பெரியவர் வாயில் கட்டளை. சொல்பவரின் குரலும் முகமும் அதைப் பிரித்துக் காட்டிவிடும். மின்னஞ்சலில் குரலும் இல்லை, முகமும் இல்லை.

ஆங்கிலத்தின் ஷுட் என்ற சொல்லுக்கும் இதே வியாதி உண்டு. இணைய நெறிமுறைகளை எழுதுபவர்கள் இது தாங்காமல் 1997-இல் RFC 2119 என்றே ஓர் ஆவணம் போட்டு, MUST, SHOULD, MAY மூன்றுக்கும் பொருளைக் கட்டிப்போட்டார்கள். அதில் SHOULD என்றால் "தக்க காரணம் இல்லாமல் இதைச் செய்யாமல் விடாதே" என்று பொருள். ஊகம் என்ற வாடையே கிடையாது. நாள் முழுக்க அதைப் படிக்கிற பொறியாளர், உங்கள் அட்டவணையில் அதே சொல்லைப் பார்த்தால் எப்படி எடுத்துக்கொள்வார்?

எதிர்பார்ப்பு என்றால் "முடியும் என்று எதிர்பார்க்கிறேன்" என்று எழுதுங்கள். கெடு என்றால் "முடித்தாக வேண்டும்". அப்புறம் அந்த "வெள்ளிக்குள்". வியாழன் இரவோடு முடிகிறதா, வெள்ளி மாலையையும் சேர்த்தா? இரண்டு அர்த்தத்திலும் அடி வாங்கியிருக்கிறேன். "வெள்ளி மாலை 5 மணிக்குள்" என்று எழுதிவிட்டால் சண்டை இல்லை.

கணக்கன்: மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் "அநேகமாக வெள்ளி" என்கிறார்கள். வாடிக்கையாளரிடம் நானும் "அநேகமாக வெள்ளி" என்று சொல்லலாம்தானே?

கூடாது. இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இது, கொஞ்சம் உட்கார்ந்து பேசுவோம்.

முதலில் மூவரிடமும் திரும்பப் போய், "இந்த மாதிரிச் சொன்ன ஐந்து தடவையில் எத்தனை தடவை நடக்கும்?" என்று கேளுங்கள். நான்கு என்கிறார்கள் என்று வைப்போம். வேலை முடிய மூன்றுமே முடிந்தாக வேண்டும். ஒருவர் தாமதம் மற்றவரைப் பாதிக்காத வேலைகள் என்றால் கணக்கு 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது பாதிக்குப் பாதி. மூன்று "அநேகமாக" சேர்ந்து ஒரு "அநேகமாக" ஆகாது, நாணயம் சுண்டுவதுதான் ஆகும். ஐந்து பேராக இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பழைய தரவுத்தளத்திலிருந்து புதியதற்குத் தரவை மாற்றும் வேலை. ஒருவர் எடுத்துக் கொடுப்பார், இன்னொருவர் மாற்றும் நிரல் எழுதுவார், மூன்றாமவர் சரிபார்ப்பார். மூவரும் அநேகமாக வெள்ளி. நானும் வாடிக்கையாளருக்கு அதையே எழுதினேன். பழைய தரவில் தேதிகள் இரண்டு வடிவத்தில் இருந்தன. சிலவற்றில் மாதம் முதலில், சிலவற்றில் நாள் முதலில். இது புதன் மாலை தெரிந்தது. நிரலைத் திருத்த இரண்டு நாள், சரிபார்ப்பை முதலிலிருந்து ஓட்ட ஒன்றரை நாள். அடுத்த புதன்கிழமைதான் கொடுத்தோம்.

கவனிக்க ஒரு விஷயம். முதலாமவர் ஒரு நாள் முன்னாலேயே முடித்துவிட்டார். ஆனால் இரண்டாமவர் அன்று வேறு வேலையில் இருந்தார், அதனால் அந்த நாள் யாருக்கும் பயன்படவில்லை. தாமதம் மட்டும் ஒரு மணி நேரம்கூடச் சேதாரமில்லாமல் அடுத்தவர் கைக்குப் போய்விடும். வரிசையாக நடக்கும் வேலைகள் அந்தப் பெருக்கல் கணக்கைவிட மோசமாகப் போவது இதனால்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மூவரும் ஒரே சோதனை சர்வரை நம்பித்தான் "அநேகமாக" என்றார்கள் என்றால், விழுந்தால் மூவரும் சேர்ந்தே விழுவார்கள், எழுந்தால் சேர்ந்தே எழுவார்கள். அப்போது வாய்ப்பு 51-இல் நிற்காது, 80 பக்கம் ஏறும். ஆனால் அந்த 80 முழுக்க அந்த ஒரு சர்வரின் மேல் தொங்கும். அதைப் பெயர் சொல்லி எழுத வேண்டியது உங்கள் கடமை.

இன்றைக்கு எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "வெள்ளி மாலை முடிய வாய்ப்பு பாதிக்குப் பாதி. அடுத்த புதன் மாலை என்றால் பத்துக்கு ஒன்பது. சோதனை சர்வர் திங்கள் காலை கிடைக்காவிட்டால் இரண்டு தேதியும் தள்ளும். அது திங்கள் மதியமே தெரிந்துவிடும், அன்றே எழுதுகிறேன்."

மூணாம் மாடி: வில், ஷால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒப்பந்தத்தில் எதைப் போட வேண்டும்?

ஒப்பந்தம் என்றால் வழக்கறிஞரிடம் போங்கள்.

ராப்பாடி: சதவீதம் எல்லாம் போலித் துல்லியம். 80 என்று சொல்ல அந்த மூவரிடமும் என்ன ஆதாரம்? "அநேகமாக" என்றால் எல்லாருக்கும் புரியும்.

எல்லாருக்கும் புரியும், ஆளுக்கொரு விதமாக. 1951-இல் அமெரிக்க உளவு மதிப்பீட்டாளர்கள் யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க "கணிசமான சாத்தியம்" இருப்பதாக அறிக்கை எழுதினார்கள். எத்தனைக்கு எத்தனை என்று ஓர் அதிகாரி கேட்டார். அந்த மதிப்பீட்டாளர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட் தன் மனதில் இருந்ததைச் சொன்னார்: 65-க்கு 35. கேட்டவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட் திரும்பிப் போய், அறிக்கையில் ஒப்பமிட்ட சகாக்களைக் கேட்டால், 20 என்றவரிலிருந்து 80 என்றவர் வரை இருந்தார்கள். ஒரே வாக்கியத்துக்கு எல்லாரும் சம்மதித்திருந்தார்கள், ஒரே விஷயத்துக்கு இல்லை.

மூணாம் மாடி: அந்த கென்ட், இந்த மாதிரிச் சொற்களுக்கு எண் வைத்துப் போட்ட அட்டவணையை எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறோம். "அநேகமாக" என்றால் 75. அதோடு பிரச்சினை தீர்ந்தது, இல்லையா?

பாதி தீர்ந்தது. அவர் வைத்தது 75, அதிலும் முன்னே பின்னே 12 விட்டிருந்தார். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு "வாய்ப்புண்டு" என்ற தன் சொல்லுக்கு 66-க்கு மேல் என்று வைத்திருக்கிறது. இரண்டும் யோசித்துப் போட்டவைதான், ஆனாலும் எல்லைகள் ஒத்துப்போகவில்லை. சுவரைப் பார்க்காத வாடிக்கையாளர் எந்த அட்டவணையைப் பின்பற்றுவார்? சொல்லுக்குப் பக்கத்திலேயே எண்ணையும் எழுதுங்கள்.

ராப்பாடி: மழை வாய்ப்பு 70 என்று சொல்பவர்களுக்கு வருடத்தில் 365 நாள் சரிபார்க்கக் கிடைக்கிறது. எனக்கு இந்த வேலை ஒருமுறைதான். ஒருமுறை நடப்பதற்கு 70 என்றால் என்ன அர்த்தம்? அதோடு, நான் எண்ணைச் சொன்னதும் மேலாளர் அதை மறந்துவிட்டுத் தேதியை மட்டும் குறித்துக்கொள்கிறார். மழுப்பலாகச் சொன்னாலாவது இன்னொரு முறை கேட்பார்.

முதல் பாதிக்கு என் பதில்: பெரிய வேலை ஒருமுறைதான், அதற்குள் இருக்கும் சின்ன வாக்குகள் நூறு. "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்", "மதியம் அனுப்புகிறேன்" எல்லாம் சரிபார்க்கக் கூடியவையே. இரண்டாவது பாதி உண்மை. எனக்கும் நடந்திருக்கிறது.

ராப்பாடி: சின்ன வாக்குகளில் சரியாக இருப்பவர் பெரியதிலும் சரியாக இருப்பார் என்று யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை. சின்னதில் தவறுபவர் பெரியதில் தேறுவதை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

பழைய நோட்டு: நான் மூன்று மாதம் எழுதிவைத்துப் பார்த்தேன். "அநேகமாக" என்று 24 தடவை சொல்லியிருக்கிறேன், நடந்தது 13. "கண்டிப்பாக" 10 தடவை, நடந்தது 7. இனி "அநேகமாக" என்பதை விட்டுவிட்டு "ஒருவேளை" என்று சொல்லட்டுமா?

இதைச் செய்துவிட்டு வருகிற முதல் ஆள் நீங்கள், வாழ்க. ஆனால் சொல்லை மாற்றாதீர்கள், தேதியை மாற்றுங்கள். "ஒருவேளை வெள்ளி" என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திட்டமிட முடியாது. அந்த 24-இல் தவறிய 11-ம் எத்தனை நாள் தாமதம் என்று எழுதியிருக்கிறீர்களா? பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் என்றால், இனி மனதில் தோன்றும் தேதியோடு இரண்டு நாள் சேர்த்து, அதற்கு "அநேகமாக" போடுங்கள். "கண்டிப்பாக" என்ற சொல் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும். பத்தில் மூன்று தவறுவதற்குப் பெயர் அது இல்லை.

வேகவண்டி: பொதுவாக எத்தனை நாள் கூட்டிச் சொல்லலாம்?

மேலே இருக்கும் பதில்தான். உங்கள் பழைய தாமதங்கள் எத்தனை நாளோ, அத்தனை.

நிழல்: 30 சதவீதம் சேர்த்துச் சொன்னால் போதுமா?

யாருடைய 30? 1994-இல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களைக் கேட்டார்கள். எப்போது முடிப்பீர்கள் என்றதற்கு வந்த சராசரி சுமார் 34 நாள். எல்லாமே சொதப்பினால் என்றதற்குச் சுமார் 49. உண்மையில் ஆனது 55-க்கு மேல். 34 நாளோடு 30 சதவீதம் சேர்த்தால் 44. சொதப்பல் கணக்கைக்கூட அது தொடவில்லை.

தூரல்: தேதிக்கு எவ்வளவு சேர்க்கலாம் என்று ஒரு பொது விதி...

இல்லை. மேலே படியுங்கள்.

கடைசி வரி: வேலை 95 சதவீதம் ஆகிவிட்டது. "முடிஞ்ச மாதிரிதான்" என்று சொன்னால் என்ன தவறு?

வேண்டுகோளைப் படிக்கவில்லை போல. செருப்பைத் தேடிக்கொண்டே "இதோ வந்துட்டேன்" என்று சொல்கிற மொழி நம்முடையது. நேரில் இருப்பவருக்கு அது வேகம் என்று புரியும். எழுத்தில் அது இறந்தகாலம், வேலை நடந்துவிட்டது என்றுதான் படிப்பார்கள். மிச்சம் இருக்கும் 5 எது? ஒப்புதல் என்றால், ஒப்புதல் தருபவர் விடுப்பில் இருக்கிறாரா? "நிரல் முடிந்தது, சரிபார்ப்பு தொடங்கவில்லை" என்று எழுதுங்கள். அதில் இறந்தகாலம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

புதுசு: இன்னொன்று. "செவ்வாய் முடியலாம்" என்றால் எவ்வளவு வாய்ப்பு?

எவ்வளவும். முடிந்தாலும் நீங்கள் சொன்னது சரி, முடியாவிட்டாலும் சரி. போதாக்குறைக்கு "நீங்கள் போகலாம்" என்கிற அனுமதியும் அதே "லாம்"தான். "செவ்வாய் வெளியிடலாம்" என்று நான் ஒருமுறை எழுதினேன், சாத்தியம் என்ற பொருளில். அனுமதி என்று படித்து வெளியிட்டுவிட்டார்கள்.

கணக்கன்: மேலாளர் "இந்த பாதி, பத்துக்கு ஒன்பதெல்லாம் வேண்டாம், ஒரே தேதி சொல்லு" என்றால்?

பத்துக்கு ஒன்பது தேதியைக் கொடுங்கள், புதன் மாலை. "முடித்துத் தருகிறேன்" என்று எழுதாதீர்கள், அது வாக்கு. சர்வர் உங்கள் கையில் இல்லை. "புதன் மாலை முடியும் என்று எதிர்பார்க்கிறேன், திங்கள் மதியம் நிலவரம் எழுதித் தருகிறேன்" என்று எழுதுங்கள். திங்கள் மதியம் மின்னஞ்சல் எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு மட்டும் வாக்கு கொடுக்கலாம்.

ராப்பாடி: வெள்ளி என்ற பேச்சு அவர் காதில் ஏற்கெனவே விழுந்திருந்தால்? அவர் வெள்ளியைத்தான் குறித்துக்கொள்வார்.

குறித்துக்கொள்வார். அதற்கு என்னிடம் மருந்து இல்லை, உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.