முழு மொட்டை போட்டுவிடலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 30. நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறோம். நான்கு வருடமாக முடி கொட்டி, உச்சியும் முன்நெற்றியும் வெறுமையாகிவிட்டது. தறிக்கூடத்தில் என் பேரே ‘சொட்டை’. மாமா எந்த விசேஷத்தில் பார்த்தாலும் தலையைத்தான் முதலில் பார்க்கிறார். எத்தனை எண்ணெய் தேய்த்தும் பலனில்லை. பேசாமல் முழுசாக வழித்துவிடலாம் என்றால், “அப்பா நல்லா இருக்கும்போது எதுக்குடா மொட்டை?” என்று அம்மா அழுகிறார். நாலு தடவை வழித்தால் அடர்த்தியாக வளரும் என்கிறார் சலூன்காரர். எனக்குத் தையில் கல்யாணம். பெண் புத்தூர். பெண் பார்க்கப் போனபோது தலையில் ஃபைபர் பவுடர் தூவியிருந்தேன், வீடியோ காலில் தொப்பி போட்டுக்கொள்வேன், அது ஒரு பக்கம் இருக்கட்டும். கல்யாணத்துக்கு முன்பு வேண்டுதல் என்று சொல்லித் திருமலையில் மொட்டை போட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் இல்லையா? மாமா வாயும் அடங்கும். மொட்டை போட்டபின் எப்படி இருக்கும் என்றும் சொல்லுங்கள்.

– நகரி வாசகர்

அன்புள்ள தம்பி,

மாமாவைப் பற்றி இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். புத்தூர்ப் பெண்ணை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் கடிதம் முழுவதும் கேட்கிறது. அவர் இன்னும் உங்கள் தலையைப் பார்க்கவே இல்லை.

வேண்டுதல் என்று சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? திருமலைக்குப் பக்கத்து ஊர்களில் மொட்டைத் தலையைப் பார்த்தால் “மொட்டையா? திருப்பதி போனீங்களா?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். பத்தே நாளில் காதோரமும் பின்னந்தலையும் கறுத்துவிடும், உச்சி மட்டும் வெளுப்பாக நிற்கும். குதிரை லாடம் மாதிரி அந்தக் கோடு தெரியும்போது, வேண்டுதல் முடி திரும்பி வரும் என்று நம்பிக் காத்திருக்கும் பெண்ணிடம் என்ன சொல்வீர்கள்? ஃபைபர் தூவியதை அவசரத்தில் செய்த தவறு என்று அவர் மன்னிக்கலாம். சாமி பேரைச் சொல்லி மறைத்ததை மன்னிப்பது கஷ்டம். இதில் நான் அவர் பக்கம்தான்.

சலூன்காரர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள். வளர்ந்த முடியின் நுனி மெலிந்திருக்கும். கத்தி பட்டதும் அது மழுங்கலாகிவிடுவதால் கைக்குத் தடிமனாகப் படுகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு இருப்பது பரம்பரையாக ஆண்களுக்கு வரும் வழுக்கை மாதிரிதான் தெரிகிறது. அதில் தோலுக்குள் இருக்கும் வேர் சுருங்கிக்கொண்டே வருகிறது. கத்தி வேரைத் தொடுவதே இல்லை. ஆகவே மொட்டையை வைத்தியமாக நினைக்காதீர்கள், அது நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு தோற்றம். அப்படிப் பார்த்தால் அது நல்ல தேர்வு என்றே சொல்வேன். வழுக்கைக்கும் முடிக்கும் நடுவே உள்ள கோடு மறைந்துவிடும், தினமும் பவுடர் தூவும் வேலையும் இல்லை.

முதலில் மெஷினில் இரண்டாம் நம்பர் வைத்து ஒட்ட வெட்டிப் பதினைந்து நாள் இருங்கள். தலையின் வடிவம், பழைய தழும்பு எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் வழித்தால், முதல் வாரம் தலைத்தோல் முகத்தைவிட வெளுத்து, வேறு யாருடைய தலையோ போல இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சில வாரங்களில் நிறம் சேர்ந்துவிடும். மின்விசிறிக் காற்றுகூடச் சில்லென்று படும். சந்தனம் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் உங்கள் ஊர் வெயிலுக்கு அது போதாது. தொப்பியோ சன்ஸ்கிரீனோ வேண்டும். இரண்டாம் நாளே தலை உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், கொஞ்சம் அரிக்கும். மொழுமொழுவென்று வைத்திருக்க இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வழிக்க வேண்டும். குளித்த ஈரத்தோடு, முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே வழியுங்கள். எதிர்ப்பக்கம் அழுத்தி இழுத்தால் முடி தோலுக்குள் சுருண்டு, பின்கழுத்தில் சிவந்த கட்டிகளாக வரும்.

உங்கள் அம்மாவுக்கு மகன் மொட்டை என்றால் துக்க வீடு நினைவுக்கு வருகிறது. அதனால்தான் அழுகிறார். அந்த இரண்டாம் நம்பர் தலையோடு வீட்டில் நடமாடுங்கள், அவர் கண்ணும் பழகட்டும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை பவுடரும் தொப்பியும் இல்லாமல் புத்தூர் போங்கள். பெரியவர்களை வைத்துப் பேசாமல் அந்தப் பெண்ணிடமே, “அன்னிக்கு மறைச்சுட்டேன், தப்புதான். என் தலை இதுதான். மொட்டை போட்டுக்கலாம்னு இருக்கேன்” என்று சொல்லுங்கள். அவர் யோசிக்க நாலு நாள் கேட்டால் கொடுங்கள், நடுவில் போன் போட்டு நச்சரிக்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை இருக்கிறது. முகூர்த்தப் பட்டு எடுக்கப் போவதற்கு முன்பே இதைப் பேசிவிடுங்கள்.