சிகரெட்டை விட்ட பிறகு வந்த படபடப்பு

அன்புள்ள சார்,

எனக்கு 41 வயது. பதினெட்டு வருடமாக நாளுக்கு ஒரு பாக்கெட் பிடித்த சிகரெட்டை விட்டு ஏழு வாரம் ஆகிறது. விட்ட முதல் வாரத்திலிருந்தே நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு. ஏதோ கெட்ட சேதி வரப்போகிறது என்ற மாதிரியே இருக்கிறது. ஈசிஜி, தைராய்டு, ரத்தம், பிரஷர் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள். காலையில் வீட்டில் இரண்டு ஃபில்டர் காபி, கடையில் மூன்று டீ. அது பல வருடமாக இதே அளவுதான் என்பதால் அதன்மேல் சந்தேகம் இல்லை. சிகரெட்தான் என்னை நிதானமாக வைத்திருந்ததோ? ஒன்று பற்றவைத்தால் அடங்கிவிடும் போலிருக்கிறது.

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

பற்றவைக்க வேண்டாம். சந்தேகம் இல்லை என்று ஒதுக்கிவைத்தீர்களே, அந்த டம்ளரிலிருந்தே தொடங்குவோம்.

எழுத வருவதற்கு முன் பத்து வருடம் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். சிகரெட்டை விட்டதும் எனக்கும் இதேதான் வந்தது. இதயத்தில் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டி இரண்டு முறை ஈசிஜி எடுத்தேன். இரண்டாம் முறை பார்த்த வயதான டாக்டர் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, “காபி எத்தனை?” என்றார். “எப்பவும் குடிக்கிறதுதான் டாக்டர்” என்றேன். “நீ எப்பவும் போலத்தான் குடிக்கிறே. உன் ஈரல் எப்பவும் போல இல்லையே” என்றார். மருந்தாளுநர் படிப்பில் நான் பரீட்சைக்கு எழுதிய விஷயம் அது. என் உடம்புக்கும் அது பொருந்தும் என்று அதுவரை தோன்றவில்லை.

விஷயம் இதுதான். காபியிலும் டீயிலும் இருக்கும் கஃபீனைக் கல்லீரலில் உடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு நொதி. சைப் 1ஏ2 என்று பெயர். சிகரெட் புகையின் தாரில் உள்ள சில ரசாயனங்கள் இந்த நொதியை வழக்கத்தைவிட அதிகமாக உருவாகவைக்கும். நிகோட்டினுக்கு இதில் பங்கில்லை, புகைக்குத்தான். அதனால் புகைப்பவர் ரத்தத்தில் கஃபீன் பாதியாகக் குறைய சுமார் மூன்றரை மணி நேரம் போதும். புகைக்காதவருக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். புகை நின்றால் ஒரு வாரத்துக்குள் நொதியின் அளவு இறங்கிவிடும். நிகோட்டின் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாலும் இறங்கத்தான் செய்யும். பதினெட்டு வருடம் சிகரெட் உங்கள் நரம்பை அமைதிப்படுத்தவில்லை. உங்கள் காபியைச் சீக்கிரமாகக் கூட்டிப் பெருக்கி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, அவ்வளவே.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். நாலு டம்ளருக்கு 60 கிராம் பொடி போட்டு டிகாக்‌ஷன் இறக்கும் வீடு என்று வைத்துக்கொள்கிறேன். முப்பது சதவீதம் சிக்கரி என்றால் அதில் காபி 42 கிராம். சிக்கரியில் கஃபீன் கிடையாது. அரபிகா கொட்டையில் எடைக்கு ஏறக்குறைய 1.2 சதவீதம் கஃபீன் இருக்கும். எல்லாம் இறங்காது என்றாலும் டம்ளருக்கு 100 மில்லிகிராம் பக்கம் வரும். ரோபஸ்டா கலந்த பொடி என்றால் கூடுதல், ஏனென்றால் அதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உண்டு. கடை டீ ஒன்றுக்கு 45 என்று வைப்போம்; தூளைக் கொதிக்கக் கொதிக்க விடும் கடையில் அதுவும் ஏறும். ஆக, நாளுக்கு 335. ஆரோக்கியமான பெரியவருக்கு நாளுக்கு 400 வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. நீங்கள் அதற்குள்தான் இருக்கிறீர்கள்.

ஆனால் பாதியாகும் நேரம் மூன்றரை மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரமாக நீண்டால், அதே ஐந்து டம்ளருக்கு ரத்தத்தில் தங்கும் அளவு சராசரியாக ஒன்றே முக்கால் மடங்கு. பழைய உடம்பில் எட்டரை டம்ளர் குடித்தது போல. கடை டீயில் ஒன்று மாலை ஐந்து மணிக்கு என்றால் அதில் பாதி, ராத்திரி பதினொரு மணிக்கும் உள்ளே இருக்கும். காலைக் காபியின் மிச்சமும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு மணி விழிப்பு எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா? (இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. டீக்கடையில் கையில் சிகரெட் இல்லாமல் நிற்பவர் மூன்றோடு நிறுத்துவது அபூர்வம். ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள்.)

அது ஏன் பயமாகத் தெரிகிறது? மூளையில் அடினோசின் என்று ஒன்று பொழுது ஏற ஏறச் சேர்ந்து, “போதும், அடங்கு” என்று நரம்புகளுக்குச் சொல்லும். அது போய் உட்காரும் இடத்தில் கஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. கூடவே அட்ரினலினும் ஏறுகிறது. இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், விரல் நடுங்கும். பயந்தால் வருவதும் இதேதான். உடம்பு இப்படி அடித்துக்கொள்ளும்போது மனசு சும்மா இருக்காது, காரணம் தேடும். பையன் மார்க், ஆபீஸ் மெயில், கெட்ட சேதி என்று எதையாவது பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே திடீர்ப் பதற்றம் வரும் வழக்கம் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவே இதைக் கிளப்பிவிடும்.

இது கஃபீன்தானா என்று பார்க்க மூன்று நாள் எதையும் மாற்றாமல் இரண்டு நேரம் மட்டும் குறியுங்கள்: குடித்த நேரம், படபடத்த நேரம். குடித்து அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் கஃபீன் ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். உங்கள் படபடப்பு அந்த இடைவெளியில் விழுந்தால் பதில் கிடைத்தாயிற்று. சிகரெட் ஏக்கம் வேறு மாதிரி. அது பழைய இடத்தையும் நேரத்தையும் பார்த்து வரும், சில நிமிஷத்தில் போய்விடும். விட்டதனால் வரும் எரிச்சலும் பதற்றமும் முதல் வாரத்தில் உச்சம், பெரும்பாலோருக்கு மூன்று நாலு வாரத்தில் வடியும். ஏழாவது வாரத்தில் முழுப் பழியையும் அதன்மேல் போட முடியாது.

குறைப்பதை ஒரே நாளில் செய்யாதீர்கள். நான் அப்படிச் செய்து, இரண்டாம் நாள் கண்ணுக்குப் பின்னால் சுத்தியலால் அடிப்பது போலத் தலைவலி வந்து, ஒரு மாத்திரை போட்டேன். சட்டென்று விட்டது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பாரசிட்டமாலோடு கஃபீன். தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் அது சேர்ந்தே வரும்.

முதலில் மாலை டீயை நிறுத்துங்கள், தூக்கம் திரும்பட்டும். நாலு நாள் கழித்து இன்னொரு டீ. பிறகு காபி. அதை நிறுத்த வேண்டியதில்லை. டம்ளரில் விழும் டிகாக்‌ஷனைக் கால் பங்கு குறைத்துப் பாலை ஏற்றினால் போதும். ருசி போகிறது என்றால் சிக்கரி கூடின பொடிக்கு மாறுங்கள், நிறமும் கசப்பும் நிற்கும். இப்போதிருப்பதில் ஏறக்குறைய பாதிக்கு வந்ததும் குறைப்பதை நிறுத்தி, இரண்டு வாரம் பாருங்கள். எனக்கு அங்கேயே அடங்கியது.

அடங்கவில்லை என்றால் காரணம் காபி அல்ல, டாக்டரிடம் திரும்பப் போங்கள். நெஞ்சு வலி, மயக்கம், துடிப்பு தாறுமாறாகத் தவறுவது இருந்தால் இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது. மூச்சிரைப்புக்குத் தியோஃபிலினோ, மனநல சிகிச்சையில் குளோசபினோ எடுப்பவர் என்றால் சிகரெட்டை விட்ட சேதியை டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அவையும் அதே நொதியை நம்பியிருக்கும் மருந்துகள், அளவு மாற்ற வேண்டி வரும்.