ரெண்டு பேரோட சந்தோஷத்தை கூட்ட முடியுமா?

"மொத்த சந்தோஷம் எதுல அதிகமோ அதை செய்யணும்னு பயன்வாதம் சொல்லுது, சரி, ஆனா ஒவ்வொருத்தர் சந்தோஷத்தையும் எப்படி சார் கூட்டறது?"

சிக்கல் கூட்டல்ல இல்ல, அளவுகோல்ல. ஒரே டிவி, கமலா பாட்டு கேக்கணும்ங்கறாங்க, ரவி கிரிக்கெட் பாக்கணும்ங்கறார்னு வைங்க. கமலாவுக்கு பாட்டு 10, மேட்ச் 4. ரவிக்கு பாட்டு 5, மேட்ச் 9. கூட்டினா பாட்டுக்கு 15, மேட்ச்சுக்கு 13, பாட்டு ஜெயிக்குது. இப்ப ரவியோட நம்பரை மட்டும் ரெண்டால பெருக்குங்க, 10, 18 ஆகும், மொத்தம் 20க்கு 22, மேட்ச் ஜெயிச்சிருச்சு! ஆனா ரவி மாறவே இல்ல, எதை எதைவிட விரும்புவார், எதுக்கு எவ்ளோ ரிஸ்க் எடுப்பார் எல்லாம் அப்படியேதான் இருக்கு, அதனால அவர் நடத்தைய எவ்ளோ கவனிச்சாலும் எந்த நம்பர் சரின்னு சொல்லவே முடியாது. 1932லயே பொருளாதார அறிஞர் லயனல் ராபின்ஸ் இதைத்தான் சொன்னார், ஒருத்தர் திருப்திய இன்னொருத்தரோட ஒப்பிடறது சோதிச்சு பாக்கற விஷயம் இல்ல, அதுல நம்ம மதிப்பீடு ஒளிஞ்சிருக்குன்னு.

சரி, எல்லாருக்கும் மோசமானது 0, சிறந்தது 1னு வெச்சுக்கலாமேன்னா, ரெண்டே ஆப்ஷன் இருக்கறப்ப அது வெறும் ஓட்டு எண்ணிக்கை ஆயிடுது, சும்மா டைம்பாஸுக்கு கேக்கறவரும் உயிரே அதுலதான்னு இருக்கறவரும் சமம். பயன்வாதம் எதை அளக்கணும்னு கிளம்புச்சோ, அந்த தீவிரமே காணாம போயிடுது. இன்னொரு பொருளாதார அறிஞர் ஜான் ஹர்சானி 1955ல, அடுத்தவர் இடத்துல அவர் ரசனையோடயே நம்மள வெச்சு பாக்கலாம்னார். தினசரி நாம அதைத்தான் பண்றோம், பல் வலில துடிக்கறவர் கஷ்டம் என் கொசுக்கடிய விட பெருசுன்னு யாருக்கும் சந்தேகம் வராது. ஆனா கமலா, ரவி மாதிரி கிட்டத்தட்ட சமமா வர்ற கேஸ்ல ரெண்டு பேர் அப்படி கற்பனை பண்ணி வேற வேற விடை சொன்னா, யார் சரின்னு தீர்க்க வழி இல்ல.