கிணறு கெடும் முன் எந்தச் சட்டம், கெட்ட பின் எந்தச் சட்டம்?

கேள்வி: வவுனியாவில் எங்கள் வீட்டுக் கிணறுகளுக்குப் பக்கத்துக் காணியில் வாகன சேர்விஸ் நிலையம் ஒன்று வரப்போகிறது. 'மாசுபடுத்துபவரே செலுத்த வேண்டும்', 'முன்னெச்சரிக்கைக் கொள்கை' என்று சட்டத்தில் இரண்டு இருக்கிறதாமே. இவை எங்களுக்கு எப்படி உதவும்?

பதில்:

நானும் வன்னியில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். உங்களுக்கு இப்போது கைகொடுக்கக் கூடியது முன்னெச்சரிக்கைக் கொள்கைதான். மற்றது எவ்வளவு தூரம் உதவும் என்பதைச் சுன்னாகத்தில் பார்த்துவிட்டோம்.

அங்கே அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் ஒயில் கலந்தது. மின்சார சபையின் பழைய நிலையமும் அந்தப் பகுதியிலேயே இருந்ததால், எந்த ஒயில் யாருடையது என்பதே பெரிய வழக்காகிவிட்டது. 2015இல் தொடங்கிய அடிப்படை உரிமை வழக்கில் 2019 ஏப்ரலில்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்துபவரே செலுத்த வேண்டும் என்ற கொள்கைப்படி, நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. ஒரு கிணற்றுக்கு 40,000 ரூபாய் வரை, 500 கிணறுகளுக்கு என்பது கணக்கு. தீர்ப்பு முக்கியமானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 40,000 ரூபாயில் கிணற்றை இறைத்துச் சேறு அள்ளலாம். சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் போன ஒயிலை அள்ள முடியாது. அத்தனை வருடமும் சனம் தண்ணீருக்கு அலைந்தது.

முன்னெச்சரிக்கைக் கொள்கை இதற்கு முந்தியே வேலை செய்கிறது. 1992 ரியோ பிரகடனத்தின் 15ஆவது கோட்பாடு சொல்வது இதுதான்: பாரதூரமான அல்லது மீளாத கேடு வரக்கூடும் என்றால், விஞ்ஞானம் முழு நிச்சயமாகச் சொல்லவில்லை என்பதைச் சாட்டாக வைத்துத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. வவுனியாவுக்குத் தெற்கே, அனுராதபுர மாவட்டத்து எப்பாவல பொஸ்பேற் வழக்கில் உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டு இதை எடுத்துப் பேசியது. வழக்குப் போட்டவர்கள் அந்த ஊர் விவசாயிகளும் விகாராதிபதி ஒருவரும். அங்கே திட்டமிட்ட பொஸ்பேற் சுரங்கம் இன்னும் தோண்டப்படவில்லை, கேடு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் நிலத்தடியில் பொஸ்பேற் படிவு எவ்வளவு, எத்தகையது என்று முழுமையாக ஆராய்ந்து முடிவை வெளியிட வேண்டும், சட்டப்படி சுற்றாடல் அனுமதியும் பெற வேண்டும், அதுவரை ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று நீதிமன்றம் நிறுத்தியது. பாதிப்பு வரும் என்று ஊரவர் முழுமையாக நிரூபிக்கும்வரை அது காத்திருக்கவில்லை.

இனி உங்கள் காணிக்கு வருவோம். சேர்விஸ் நிலையத்துக்குத் தேசியச் சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தப் பத்திரம் இருந்தால் பயமில்லை என்று உங்களுக்குச் சொல்வார்கள். நீர்நிலையில் விடும் கழிவுநீரில் ஒயிலும் கிரீஸும் லீற்றருக்கு 10 மில்லிகிராம் வரை அனுமதி. குடிநீருக்கான இலங்கைத் தரம் 0.2 மில்லிகிராம். அதாவது விதிப்படி வெளியேறும் தண்ணீரிலேயே குடிநீர் அளவின் ஐம்பது மடங்கு வரை ஒயில் இருக்கலாம். அது உங்கள் கிணற்றுக்கு வரக் கூடாத தண்ணீர்.

ஒயில் பிரிக்கும் தொட்டி கட்டுவோம் என்பார்கள். கட்டத்தான் வேண்டும். ஆனால் வாகனம் கழுவும் சவர்க்காரம் ஒயிலை நுண்துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே மிதப்பதை மட்டும் பிடிக்கும் தொட்டி அதைப் பிடிக்காது. ஆகவே உங்கள் ஆட்சேபனைக் கடிதத்தில் இரண்டைக் கேளுங்கள்: சவர்க்காரம் கலந்த தண்ணீருக்கு என்ன சுத்திகரிப்பு, வெளியேறும் வாய்க்கால் எங்கே முடிகிறது? அனுமதி கொடுக்கும் முன்பே மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் பிரதேச சபைக்கும் அதைக் கொடுத்து, கிடைத்ததற்கான முத்திரையோடு பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள்.

நிலையம் திறக்கும் முன்பே உங்கள் கிணற்று நீரையும் ஆய்வுகூடத்தில் சோதித்து, திகதியிட்ட அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். சுன்னாகத்தில் இழுபட்ட கேள்விக்கு அதுதான் மறுமொழி: முன்பு இல்லாத ஒயில் பின்பு வந்தது என்று காட்ட முடிந்தால் 'அது பழைய ஒயில்' என்ற வாதம் நிற்காது. மாதிரி எடுக்கக் கண்ணாடிப் போத்தல்தான் வேண்டும், பிளாஸ்ரிக்கில் ஒயில் ஒட்டிக்கொள்ளும். போத்தலை ஆய்வுகூடத்திலேயே கேட்டு வாங்குவது நல்லது.

ஒன்றில் கவனம். நம் பக்கத்தில் இரும்புச் சத்துள்ள தண்ணீரில் பக்ரீரியாவாலும் வானவில் நிறத்தில் படலம் வரும். தடியால் கிளறுங்கள்: துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்புப் படலம், திரும்பவும் ஓடி ஒன்றுசேர்ந்தால் ஒயில். ஒயில் என்று பட்டால் அன்றைக்கே மாதிரி எடுத்து அனுப்புங்கள். நீதவான் நீதிமன்றத்தில் பொதுத் தொல்லை என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் முறையிடலாம். இழப்பீட்டு வழக்கு முடியும்வரை அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.